லோன் ஆப் கேட்கும் பர்மிஷன்... அடமானம் போவது உங்க காண்டாக்ட் லிஸ்ட்! ஒரிஜினலா, மோசடியா? கண்டுபிடிப்பது எப்படி?

ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்தாச்சு. திருச்சி பொன்மலையில் ரயில்வே ஒர்க்‌ஷாப்பை நம்பி காண்ட்ராக்ட் வேலை பார்க்கும் ஒருவருக்கு, பையனோட ஸ்கூல் ஃபீஸ் கட்ட 3,000 ரூபாய் குறைகிறது. சம்பளம் வர இன்னும் பத்து நாள் இருக்கு. தெரிஞ்சவங்ககிட்ட கேட்கக் கூச்சம். அப்போ பார்த்து போனில் ஒரு மெசேஜ்: "உங்களுக்கு 5,000 ரூபாய் கடன் அப்ரூவ் ஆகிவிட்டது. ஐந்தே நிமிடம். ஆவணம் தேவையில்லை." கீழே ஒரு லிங்க்.

இது ஒரு குறிப்பிட்ட நபரின் கதை இல்லை. கடந்த சில வருஷங்களில் போலீஸுக்கு வந்த லோன் ஆப் புகார்கள் நடந்த விதத்தை வைத்து, பொன்மலையில் ஒருவருக்கு நடந்தால் எப்படி இருக்கும் என்று நாம போட்டுப் பார்க்கும் உதாரணம். இந்த மனிதரோடயே கடைசி வரை போகலாம். ஏன்னா, ஒரு லோன் ஆப் நல்லதா கெட்டதா என்பது பணம் கைக்கு வருவதற்கு முன்னாடியே, அது கேட்கும் பர்மிஷன்களிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

லிங்க்கைத் தொட்டதும் என்ன நடக்குது?

லிங்க்கைத் தொட்டால் ஆப் இறங்குது. சில சமயம் பிளே ஸ்டோருக்குப் போகும். பல சமயம் நேரா ஒரு APK ஃபைல் டவுன்லோட் ஆகும். ஆப்பைத் திறந்ததும் வரிசையா கேள்விகள். காண்டாக்ட்ஸைப் பார்க்க அனுமதிக்கவா? போட்டோ, வீடியோ, ஃபைல்களைப் பார்க்க அனுமதிக்கவா? கால் ஹிஸ்டரி? எஸ்.எம்.எஸ்.? லொகேஷன்? கேமரா? ஒன்றுக்கு "இல்லை" என்று சொன்னாலும் ஆப் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அவசரத்தில் இருப்பவர் எல்லாத்துக்கும் "அலவ்" கொடுத்துவிடுகிறார்.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்க. வங்கியில் நகைக்கடன் வாங்கினால் நகை அடமானம். வீட்டுக்கடன் என்றால் பத்திரம். இந்த ஆப் 5,000 ரூபாய் கடனுக்கு ஆதார் போட்டோ தவிர எதையும் வாங்கலையே, பணம் திரும்ப வராவிட்டால் என்ன செய்யும்? அதற்கான பதில்தான் அந்த பர்மிஷன் பட்டியல். அடமானமாகப் போவது உங்க காண்டாக்ட் லிஸ்ட். உங்க மாமனார், ஒர்க்‌ஷாப் மேஸ்திரி, பிள்ளையோட டீச்சர், தெரு முனை மளிகைக் கடைக்காரர் என்று எல்லோருடைய நம்பரும் அதில் இருக்கு. கேலரியில் இருக்கும் குடும்பப் போட்டோக்கள் கூடுதல் அடமானம்.

இதனால்தான் பர்மிஷனையும் வசூல் முறையையும் தனித்தனி விஷயமாகப் பார்க்கக் கூடாது. காண்டாக்ட்ஸ் கேட்கும் ஆப், கடனைத் திருப்பி வாங்க காண்டாக்ட்ஸைத்தான் பயன்படுத்தப் போகிறது. அதற்கு வேற தேவை கிடையாது. நேர்மையான நிறுவனம் உங்க சம்பளத்தை, வங்கிக் கணக்கை, சிபில் ஸ்கோரைப் பார்த்து நீங்க திருப்பிக் கட்டுவீங்களா என்று முடிவு செய்யும். உங்க அத்தை நம்பரைப் பார்த்து அதை முடிவு செய்ய முடியாது.

ரிசர்வ் வங்கி எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாதுன்னு சொல்லுது?

2020-ல் கொரோனா ஊரடங்கில் வேலை போனவர்கள் பலர் இப்படிப்பட்ட ஆப்களில் சிக்கினார்கள். தெலங்கானா, கர்நாடகா, தமிழ்நாடு என்று புகார்கள் குவிந்தன. 2020 டிசம்பர் 23-ம் தேதி ரிசர்வ் வங்கி பொதுமக்களுக்கு எச்சரிக்கை வெளியிட்டது. அடுத்த மாதமே ஒரு பணிக்குழுவை அமைத்தது. அந்தக் குழு 2021 ஜனவரி, பிப்ரவரி இரண்டே மாதங்களில் பல ஆப் ஸ்டோர்களைத் தேடிப் பார்த்ததில், இந்தியர்களுக்காக இருந்த சுமார் 1,100 கடன் ஆப்களில் 600 சட்டவிரோதமானவை என்று தெரியவந்தது. பாதிக்கு மேல்!

இதற்குப் பிறகு 2022 செப்டம்பரில் டிஜிட்டல் கடன் விதிமுறைகள் வந்தன. 2025 மே மாதம் அவற்றை ஒன்று சேர்த்துப் புதிய உத்தரவாக ரிசர்வ் வங்கி வெளியிட்டது. பர்மிஷன் விஷயத்தில் அது சொல்வது ரொம்ப எளிமை. போனில் உள்ள ஃபைல்கள், போட்டோ, காண்டாக்ட் லிஸ்ட், கால் லாக், போன் அழைப்பு வசதிகள் ஆகியவற்றைக் கடன் ஆப் தொடக் கூடாது. கேமரா, மைக், லொகேஷன் ஆகியவற்றை, வாடிக்கையாளரைச் சேர்க்கும்போதும் கே.ஒய்.சி. சரிபார்க்கும்போதும் ஒரே ஒரு முறை, உங்க வெளிப்படையான சம்மதத்தோடு பயன்படுத்தலாம்.

கூகுளும் 2023 மே 31 முதல் தன் பிளே ஸ்டோரில் இதே போல ஒரு விதியைக் கொண்டுவந்தது. பெர்சனல் லோன் ஆப்கள் காண்டாக்ட்ஸையோ போட்டோக்களையோ அணுகக் கூடாது. ஆண்ட்ராய்டு பாஷையில் சொன்னால் `READ_CONTACTS`, `READ_MEDIA_IMAGES`, `READ_EXTERNAL_STORAGE` போன்றவை தடை செய்யப்பட்டவை. துல்லியமான லொகேஷனைக் கேட்கும் `ACCESS_FINE_LOCATION` கூட அந்தத் தடைப் பட்டியலில் இருக்கு.

இப்போ நம்ம பொன்மலைக்காரருக்கு வந்த ஆப் ஏன் APK ஃபைலாக வந்தது என்று புரியுதா? பிளே ஸ்டோர் வழியாக வந்தால் காண்டாக்ட்ஸ் கேட்க முடியாது. காண்டாக்ட்ஸ் இல்லாமல் அந்தத் தொழிலே நடக்காது. அதனால்தான் வாட்ஸ்ஆப், எஸ்.எம்.எஸ்., டெலிகிராம் என்று சுத்தி வருகிறார்கள். லோன் ஆப்பை ஃபைலாக இறக்கச் சொன்னாலே அத்தோடு நிறுத்திவிடலாம், மேற்கொண்டு எதையும் சோதிக்கத் தேவையில்லை.

அதற்காக பிளே ஸ்டோரில் இருந்தாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீங்க. போலி ஆப்கள் அங்கேயும் நுழைகின்றன, நீக்கப்படுகின்றன, வேறு பெயரில் மறுபடி வருகின்றன. மத்திய அரசு 2023 பிப்ரவரியில் 94 கடன் ஆப்களை முடக்க நடவடிக்கை எடுத்தது. ஆனாலும் ஆட்டம் நிற்கவில்லை.

எஸ்.எம்.எஸ். பர்மிஷன்: இதுதான் குழப்பமான இடம்

காண்டாக்ட்ஸ், கேலரி, கால் லாக் மூன்றும் கேட்டால் சந்தேகமே வேண்டாம். எஸ்.எம்.எஸ். விஷயம் அப்படி இல்லை. பதிவு பெற்ற சில நிறுவனங்களின் ஆப்களும் மெசேஜ்களைப் படிக்க அனுமதி கேட்கின்றன. காரணம், சம்பளம் வரவு, இ.எம்.ஐ. பிடித்தம், மினிமம் பேலன்ஸ் அபராதம் எல்லாமே வங்கி மெசேஜாக உங்க போனில் கிடக்கு. அதைப் படித்தால் உங்க வரவு செலவு தெரிந்துவிடும்.

ஆனா அதே இன்பாக்ஸில்தான் ஓ.டி.பி.யும் வருது. அதனால் நம்ம யோசனை: "டோன்ட் அலவ்" கொடுத்துப் பாருங்க. நியாயமான ஆப் என்றால் பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பச் சொல்லும், அல்லது அக்கவுன்ட் அக்ரிகேட்டர் முறையில் உங்க சம்மதத்தோடு வங்கியிடமிருந்தே விவரம் வாங்கிக்கொள்ளும். எஸ்.எம்.எஸ். தராவிட்டால் நகரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஆப்பை விட்டு விலகுவது நல்லது. அது சட்டவிரோத ஆப் என்று இதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனா உங்க ஓ.டி.பி.யைக் கொடுத்து வாங்கும் அளவுக்கு அந்தக் கடன் பெரிசு இல்லை.

இன்னொன்று, ரெஃபரன்ஸ் நம்பர். "இரண்டு பேர் பெயரும் நம்பரும் கொடுங்க" என்று பதிவு பெற்ற நிறுவனங்களும் கேட்கும். நீங்களே டைப் செய்து தருவது வேற, ஆப் மொத்த போன்புக்கையும் அள்ளிக்கொள்வது வேற. அந்த இரண்டு பேரையும் கூட வசூலுக்காகத் தொல்லை செய்யக் கூடாது என்பதுதான் விதி.

5,000 கடன், கையில் 3,000

நம்ம ஆளுக்கு இப்போ பணம் வந்துவிட்டது. ஆனா 5,000 இல்லை, 3,000 தான். மீதி 2,000 எங்கே என்றால் பிராசஸிங் கட்டணம், சர்வீஸ் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று ஆப்பில் ஏதோ எழுதியிருக்கு. ஸ்டோரிலோ விளம்பரத்திலோ 91 நாள், 180 நாள் தவணை என்று போட்டிருந்தார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஏழாவது நாள் 5,000 கட்டணுமாம்.

கணக்கைப் பாருங்க. 3,000 ரூபாய்க்கு ஒரு வாரத்தில் 2,000 வட்டி என்றால் வாரத்துக்கே 66 சதவீதத்துக்கு மேல். வருஷக் கணக்கில் 3,400 சதவீதத்தைத் தாண்டும். மீட்டர் வட்டிக்காரர்கூட வெட்கப்படுவார்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நியாயமான கடனை எடுத்துக்கலாம். 10,000 ரூபாய், வருஷம் 24 சதவீத வட்டி, ஆறு மாதத் தவணை. கட்டணம் 2 சதவீதமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் சேர்த்து 236 ரூபாய் பிடித்துக்கொண்டு 9,764 கைக்கு வரும். மாதத் தவணை சுமார் 1,785 ரூபாய். ஆறு மாதத்தில் வட்டியும் கட்டணமும் சேர்த்து நமக்கு ஆகும் செலவு 950 ரூபாய்க்குள். 24 சதவீதமே அதிக வட்டிதான். ஆனாலும் எவ்வளவு தூரம் என்று பாருங்க.

இந்தக் கணக்கை நீங்க போட வேண்டியதே இல்லை. கையெழுத்துக்கு முன்னாடியே "கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்" என்ற ஒரு தாளைக் கடன் கொடுப்பவர் தரணும். எல்லாக் கட்டணமும் சேர்த்த வருடாந்திர விகிதம், கையில் வரும் தொகை, தவணை, கடன் கொடுக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர், புகார் அதிகாரி விவரம் எல்லாம் அதில் இருக்கணும். அதில் இல்லாத கட்டணத்தை உங்க சம்மதம் இல்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது. கடன் வாங்கிய பிறகு மனசு மாறினால், குறைந்தது ஒரு நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அசலையும், வைத்திருந்த நாளுக்கான வட்டியையும் கொடுத்துவிட்டு அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். முன்பே சொல்லியிருந்தால் நியாயமான ஒரு பிராசஸிங் கட்டணத்தை மட்டும் அவர்கள் வைத்துக்கொள்ளலாம்.

பணம் எங்கிருந்து வருது என்பதையும் கவனிங்க. விதிப்படி வங்கியோ என்.பி.எஃப்.சி. எனப்படும் நிதி நிறுவனமோ தன் கணக்கிலிருந்து நேரா உங்க கணக்குக்கு அனுப்பணும். திருப்பிக் கட்டுவதும் நேரா அந்த நிறுவனத்தின் கணக்குக்குத்தான். நடுவில் ஆப்காரர் கணக்கு வரக் கூடாது. யாரோ ஒருவரின் பெயரில் உள்ள யுபிஐ ஐடிக்கு, அதுவும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயருக்கு அனுப்பச் சொன்னால், அது கடன் நிறுவனமே இல்லை.

ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து...

ஏழாவது நாள் வருது. சம்பளம் இன்னும் வரலை. உண்மையில் ஆறாவது நாள் காலையிலேயே போன் வந்துவிடும். அப்போது ஆப்பே ஒரு "உதவி" செய்யும். "இந்த ஆப்பிலும் கடன் தயாராக இருக்கு" என்று இன்னொரு லிங்க். அதுவும் பெரும்பாலும் அதே கும்பலின் வேறு முகம்.

5,000 கட்ட, தலைக்கு 3,000 தரும் இரண்டு ஆப்களில் வாங்கணும். கையில் 6,000. கடனை அடைத்தது போக மிச்சம் 1,000. ஆனா அடுத்த வாரம் கட்ட வேண்டியது 10,000. அந்த 1,000-ஐ அப்படியே வைத்திருந்தாலும், மீதி 9,000-க்கு மூன்று ஆப். அதற்கடுத்த வாரம் 15,000 கட்டணும், அதற்கு ஐந்து ஆப். இருபத்தெட்டாவது நாள் அவர் தலையில் 25,000 ரூபாய் கடன். அவர் வீட்டுக்குச் செலவழித்தது என்னவோ முதல் 3,000 மட்டும்தான்! அந்த 28 நாளில் 11 ஆப்களிடம் அவருடைய காண்டாக்ட் லிஸ்ட் போய்ச் சேர்ந்திருக்கு.

புகார் கொடுத்தவர்கள் பலர் "எத்தனை ஆப்பில் வாங்கினேன்னு எனக்கே தெரியலை" என்று சொல்வதற்குக் காரணம் ஊதாரித்தனம் இல்லை. அந்த ஏழு நாள் கெடுவும், பிடித்துக்கொள்ளும் 2,000-மும்தான்.

வசூல் போன் வரும்போது என்ன பேசுறாங்க?

2020 டிசம்பரில் சென்னை இளைஞர் ஒருவர் கொடுத்த புகாரை விசாரித்த சென்னை மத்தியக் குற்றப்பிரிவு போலீஸ், பெங்களூருவில் ஒரு கால் சென்டர் வரை போனது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்தார்கள். 2021 ஜனவரி தொடக்கத்தில் சீனாவைச் சேர்ந்த இருவர் உட்பட நான்கு பேர் கைது செய்யப்பட்டார்கள். வட்டி கட்டத் தவறியவர்களின் காண்டாக்ட் லிஸ்ட்டில் இருப்பவர்களுக்குப் போன் செய்து அவமானப்படுத்துவதே வசூல் முறையாக இருந்தது என்பதுதான் அந்த வழக்கின் சாரம். போனில் திட்டும் ஆள் உங்களைப் போலவே மாதச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் ஒரு பையனாகக்கூட இருக்கலாம். கையில் ஒரு பட்டியல், பேச வேண்டிய வசனம், அன்றைய டார்கெட்.

மிரட்டல் படிப்படியாகத்தான் ஏறும். முதலில் உங்களுக்கே நாளுக்கு முப்பது, நாற்பது கால். அப்புறம் உங்க காண்டாக்ட்ஸில் நாலு பேர் பெயரை வாட்ஸ்ஆப்பில் அனுப்பி, "இவங்களுக்குச் சொல்லவா?" என்பார்கள். அதற்கப்புறம் உங்க போட்டோவைப் போட்டு "மோசடிப் பேர்வழி" என்று எழுதி அந்த நாலு பேருக்கும் அனுப்புவார்கள். கடைசியாக, போட்டோவை ஆபாசமாக மார்ஃபிங் செய்வது. பெண்கள் என்றால் இந்தக் கடைசிப் படிக்கு நேராவே வந்துவிடுகிறார்கள். போலி போலீஸ் எஃப்.ஐ.ஆர்., போலி கோர்ட் நோட்டீஸ் அனுப்புவதும் உண்டு.

சரி, பதிவு பெற்ற நிறுவனம் எப்படி வசூலிக்கணும்? 2022 ஆகஸ்ட் 12-ம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி காலை 8 மணிக்கு முன்பும், மாலை 7 மணிக்குப் பிறகும் தவணை பாக்கிக்காக அழைக்கக் கூடாது. வாயாலோ உடலாலோ மிரட்டக் கூடாது. பொது இடத்தில் அவமானப்படுத்தக் கூடாது. குடும்பத்தினர், நண்பர்கள், ரெஃபரன்ஸ் கொடுத்தவர்கள் ஆகியோரின் தனிமையில் மூக்கை நுழைக்கக் கூடாது. டிஜிட்டல் கடன் என்றால், வசூல் முகவரை அனுப்புவதற்கு முன் அவர் யார் என்ற விவரத்தை எஸ்.எம்.எஸ். அல்லது மெயிலில் உங்களுக்குச் சொல்லியாகணும்.

இதை நீங்களே சோதிக்கலாம். போன் வந்தால் பதற வேண்டாம். "எந்த நிறுவனத்துக்காகப் பேசுறீங்க? உங்க பெயர் என்ன? உங்களை வசூலுக்கு நியமிச்ச மெசேஜ் எனக்கு எப்போ வந்தது? லோன் அக்கவுன்ட் நம்பர் சொல்லுங்க" என்று நாலே நாலு கேள்வி. பதிவு பெற்ற நிறுவனத்தின் ஆள் எரிச்சலோடாவது பதில் சொல்வார். மற்றவர் உடனே குரலை உயர்த்துவார், அல்லது உங்க அம்மா பெயரைச் சொல்லி மிரட்டுவார்.

முக்கியமான வித்தியாசம் இன்னொன்று இருக்கு. பதிவு பெற்ற நிறுவனத்தின் உண்மையான ஆயுதம் உங்க சிபில் ஸ்கோரும் சட்டப்படியான நோட்டீஸும். கட்டாவிட்டால் ஸ்கோர் விழும், அடுத்த கடன் கஷ்டம். சட்டவிரோத ஆப் "சிபிலை முடிச்சுடுவேன்" என்று சொல்லும். ஆனா பதிவே இல்லாத கும்பல் கிரெடிட் நிறுவனங்களுக்கு விவரம் அனுப்ப முடியாது. அவர்களிடம் இருப்பது நீங்க கொடுத்த காண்டாக்ட் லிஸ்ட் மட்டும்தான்.

'ஆர்.பி.ஐ. அப்ரூவ்டு' என்று போட்டிருந்தால்?

ரிசர்வ் வங்கி எந்த ஆப்பையும் அப்ரூவ் செய்வதில்லை. அது வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும்தான் பதிவு செய்யுது. அதனால் "ஆர்.பி.ஐ. அங்கீகரித்த ஆப்" என்ற வாசகமே தப்பு.

2025 ஜூலை 1 முதல் ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் டிஜிட்டல் கடன் ஆப்களின் பட்டியலை வைத்திருக்கு. `rbi.org.in` போய் Citizen's Corner பகுதியில் பார்க்கலாம். எந்த ஆப், எந்த நிறுவனத்தோடு இணைந்தது என்பது அதில் இருக்கும். ஆனா அந்த விவரங்கள் நிறுவனங்களே பதிவேற்றியவை, ரிசர்வ் வங்கி ஒவ்வொன்றையும் சரிபார்த்து முத்திரை குத்தியது இல்லை. ஒரே மாதிரி பெயரில் போலிகளும் சுத்துது. ஆகவே பட்டியலில் பெயரைப் பார்த்ததோடு நிற்காமல், அந்த நிதி நிறுவனத்தின் சொந்த இணையதளத்துக்குப் போய் அங்கிருக்கும் லிங்க் வழியாகவே ஆப்பை இறக்குங்க. பட்டியலில் இல்லாத ஆப் என்றால் வாங்காமல் இருப்பதே உத்தமம்.

ஏற்கெனவே சிக்கியாச்சு, இப்போ என்ன செய்வது?

பலரும் பயந்துபோய் முதலில் ஆப்பை அன்இன்ஸ்டால் செய்துவிடுகிறார்கள். அதில் இரண்டு சிக்கல். ஒன்று, பர்மிஷன் கொடுத்த சில நிமிடங்களிலேயே காண்டாக்ட்ஸ் அவர்களின் சர்வருக்குப் போயிருக்கும், இப்போ நீக்கினாலும் அது திரும்பி வராது. இரண்டு, ஆதாரம் எல்லாம் உங்க போனிலிருந்து அழிந்துவிடும்.

அதனால் முதலில் ஸ்கிரீன்ஷாட். ஆப்பின் பெயர், கடன் தொகை, கெடு தேதி, பணம் கட்டச் சொன்ன யுபிஐ ஐடி, மிரட்டல் மெசேஜ்கள், அழைத்த நம்பர்கள் எல்லாம். வங்கி ஸ்டேட்மென்ட்டில் எந்தக் கணக்கிலிருந்து பணம் வந்தது என்பதையும் எடுத்து வைங்க. பிறகு செட்டிங்ஸில் ஆப்ஸ் பகுதிக்குப் போய், அந்த ஆப்பின் பர்மிஷன்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அப்புறம் நீக்கலாம். இனி எடுக்கும் போட்டோவும் சேமிக்கும் நம்பரும் போகாமல் இருக்க அது உதவும்.

அடுத்தது கஷ்டமான வேலை. அவர்கள் உங்க காண்டாக்ட்ஸுக்கு மெசேஜ் அனுப்புவதற்கு முன் நீங்களே அனுப்பிவிடுங்க. "என் போன் தகவல்கள் ஒரு போலி லோன் ஆப்பிடம் போயிடுச்சு. என்னைப் பத்தி ஏதாவது மெசேஜ், போட்டோ வந்தா நம்பாதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கு அனுப்பிட்டு பிளாக் பண்ணுங்க." வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் இரண்டு வரி போட்டால் போதும். அவர்களின் ஒரே அடமானம் உங்க கூச்சம்தான். அதை நீங்களே போட்டு உடைத்துவிட்டால் மிரட்ட அவர்களிடம் பெரிசா எதுவும் மிச்சம் இல்லை. சந்தையிலோ ஜி கார்னர் பக்கமோ ஒருத்தர் ரெண்டு பேர் கேட்பாங்கதான். கேட்கட்டும்.

மிரட்டலுக்குப் பயந்து மறுபடி மறுபடி பணம் அனுப்புவது வேண்டாம். வாங்கிய அசலை மறுக்கச் சொல்லவில்லை. ஆனா யாரோ ஒருவரின் யுபிஐ ஐடிக்கு அனுப்பும் பணத்துக்கு ரசீது கிடையாது, "சிஸ்டத்தில் அப்டேட் ஆகலை" என்று மறுநாளே மறுபடி கேட்பார்கள். கட்டுகிற ஆளைத்தான் விடாமல் துரத்துவார்கள்.

புகாருக்கு 1930 என்ற நம்பர் அல்லது `cybercrime.gov.in`. திருச்சி மாநகரில் இருப்பவர்கள் மாநகர சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கோ, பொன்மலை காவல் நிலையத்துக்கோ நேராகவும் போகலாம். மிரட்டிப் பணம் பறிப்பது, ஆபாசப் படம் பரப்புவது எல்லாம் கடன் பாக்கியோடு சம்பந்தமில்லாத தனிக் குற்றங்கள். "கடன் வாங்கினது நான்தானே, எப்படிப் புகார் கொடுப்பது" என்று தயங்க வேண்டாம். கந்துவட்டிக்கு எதிராக 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கு. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்க 2025-ல் தனிச் சட்டமும் வந்திருக்கு. பதிவில்லாத கடன் கும்பல் பற்றி ரிசர்வ் வங்கி தொடங்கிய `sachet.rbi.org.in` தளத்திலும் தகவல் கொடுக்கலாம்.

கடன் கொடுத்தது பதிவு பெற்ற நிறுவனமாக இருந்து, அதன் ஆட்களே எல்லை மீறினால் வழி வேற. முதலில் அந்த நிறுவனத்தின் புகார் அதிகாரிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால் `cms.rbi.org.in` தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் கிடையாது. வழி தெரியாவிட்டால் 14448-க்குப் போன் செய்து கேட்கலாம்.

இந்த மிரட்டலில் தூக்கம் கெட்டு, வாழ்க்கையே முடிஞ்சுபோச்சு என்று தோன்றினால், தனியா வைத்துக்கொள்ளாதீங்க. தமிழ்நாடு அரசின் 104 உதவி எண்ணில் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது முழுத் தொகையையும் சொல்லிவிடுங்க. பேப்பரில் ஆப் வாரியாக எழுதிப் பார்த்தால், கையில் வந்த பணம் எவ்வளவு, அவர்கள் கேட்பது எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும். போலீஸில் கொடுக்கும் புகாரோடு அந்தப் பேப்பரையும் சேர்த்துக் கொடுங்க.

கடைசியாக ஒரு வேலை இருக்கு. உங்க ஆதார், பான் விவரம் அந்த ஆப்பிடம் போயிருந்தால், உங்க பெயரில் வேறு யாராவது கடன் வாங்கியிருக்காங்களா என்று பார்க்கணும். ஒவ்வொரு கிரெடிட் நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரணும். அதை எடுத்து, நீங்க வாங்காத கடன் ஏதாவது இருந்தால் அந்த கிரெடிட் நிறுவனத்திடமும், கடன் கொடுத்ததாகப் பெயர் உள்ள நிறுவனத்திடமும் உடனே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்க. மூணு மாசம் கழித்து இன்னொரு முறை பாருங்க, புதுக் கடன் அறிக்கையில் ஏற கொஞ்ச நாள் ஆகும்.